முதல் நாவலின் முன்கதை: எரிந்த பதிவேட்டை எட்டாம் பக்கத்திலேயே காட்டலாமா?

பனங்காட்டான்

வணக்கம். சேலம் பனங்காட்டில் எங்கள் குடும்பத்துக்குக் கொலுசுப் பட்டறை. ஆறு ஆண்டுகளாக இரவில் உட்கார்ந்து எழுதி என் முதல் நாவலை முடித்திருக்கிறேன். ஏறக்குறைய 74,000 சொற்கள், 26 அத்தியாயங்கள். அவற்றுக்கு முன்னால் 1,850 சொற்களில் ஒரு முன்கதை. அச்சில் எட்டுப் பக்கம் பிடிக்கும். அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

முன்கதை நடப்பது 1958இல், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில். சேர்வராயன் கோவில் திருவிழா இரவு. ஊரே கோவிலுக்குப் போயிருக்க, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பல்பர் கொட்டகையின் பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்க்கிறாள். பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தின் மறைவில் ஓர் ஆள் தோட்டத்தின் செக்ரோல் பதிவேட்டை அடுப்பில் போட்டு எரிக்கிறான். தொழிலாளர் பெயரும் வேலை நாட்களும் எழுதியிருக்கும் பெரிய புத்தகம் அது. முன்கதை அதோடு முடிகிறது.

முதல் அத்தியாயம் 2019இல். பனங்காட்டில் கோகிலா கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோட்டம் விற்பனைக்கு வருகிறது. அந்தக் காலத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு ஆளுக்கு ஐந்து சென்ட் தருவதாகவும், பெயர் இருந்ததற்கு ஏதாவது சான்று வேண்டும் என்றும் வாரிசு கடிதம் எழுதுகிறார். கோகிலா தன் அம்மாயியை அழைத்துக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறுகிறாள். அடிவாரத்தில் பஸ் நின்றதும் அம்மாயி ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிவிடுகிறாள். அங்கே அத்தியாயம் முடிகிறது. அந்த அம்மாயிதான் முன்கதைச் சிறுமி.

ஒரு பதிப்பகத்துக்கு முதல் ஐம்பது பக்கம் அனுப்பினேன். திரும்பி வந்தது ஒரே வரி: “முன்கதை பிரமாதம், அதற்குப் பிறகு கதை படுத்துவிட்டது.” என் தம்பியும் புத்தகத்திலேயே சிறந்த எட்டுப் பக்கம் அதுதான் என்கிறான். எல்லோரும் முன்கதையைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. வைப்பதா, எடுப்பதா?

ஆத்தூர் ஆசிரியர்

தம்பி, இதில் ஐயத்துக்கே இடமில்லை. “ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே” என்று நன்னூல் அறுதியிட்டுச் சொல்கிறது. எத்தனை விரிவான நூலாக இருந்தாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே இல்லை. முன்கதை மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நம்மிடம் அது எப்போதோ இருந்திருக்கிறது. வையுங்கள்.

வாழப்பாடி வாசகி

என் கவிதைத் தொகுப்புக்கும் இதே சிக்கல் வந்தது. பெயர் பெற்ற ஒருவரிடம் வாங்கினால் புத்தகம் நாலு பேர் கண்ணில் படும், ஆனால் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். நான் கடைசியில் என் கல்லூரிப் பேராசிரியையிடம் இரண்டு பக்கம் வாங்கிப் போட்டேன். யாரிடம் வாங்கப்போகிறீர்கள்?

பனங்காட்டான்

அக்கா, நீங்கள் சொல்வது அணிந்துரை. நான் கேட்பது கதையின் ஒரு துண்டை முதல் அத்தியாயத்துக்கு முன்னால் தனியாக வைப்பதைப் பற்றி. நானேதான் அதை எழுதியிருக்கிறேன்.

ஓரக்குறிப்பு

இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய கைப்பிரதிகளைச் செப்பனிட்டிருக்கிறேன். பெரும்பாலானவை முதல் நாவல்கள். அந்த அனுபவத்தில் இரண்டு கேள்வி கேட்கிறேன், தம்பி.

அதற்கு முன் ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று. நன்னூல் சொல்லும் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன வருகின்றன? ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எட்டும் நூலைப் பற்றிய செய்திகள். கதைக்குள் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு அந்த எட்டில் இடமில்லை. வாழப்பாடி அம்மா சொன்ன அணிந்துரைதான் பாயிரத்துக்கு நெருங்கிய உறவு. பாயிரத்துக்கு இன்னொரு பெயரே அணிந்துரை என்று அதே நன்னூல் சொல்கிறது. ஆகவே அந்தச் சூத்திரத்தை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

இனி கேள்விகள். எட்டாம் பக்கம் முடியும்போது வாசகருக்குத் தெரிந்து கோகிலாவுக்குத் தெரியாதது எது? அது கோகிலாவுக்கு எந்த அத்தியாயத்தில் தெரியவருகிறது?

தொடர்கதை ரசிகர்

முதல் பக்கத்திலேயே நெருப்பைப் பற்றவைத்தால்தான் வாசகன் நிற்பான். வாரப் பத்திரிகைத் தொடர்களில் முதல் வாரமே ஒரு கொலையோ, தீயோ, ஓடும் ரயிலோ இருக்கும். அதனால்தான் அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் கடைக்காரரை நச்சரித்தோம். முன்கதையை எடுத்துவிட்டால் முதலில் கண்ணில் படுவது ஒரு பெண் கொலுசு செய்துகொண்டிருப்பது. யார் படிப்பார்கள்?

பனங்காட்டான்

ஓரக்குறிப்பு அம்மாவுக்கு: பதிவேடு எரிந்துபோனது என்பது வாசகருக்குத் தெரியும். கோகிலாவுக்கு அது 19ஆம் அத்தியாயத்தில், அம்மாயி வாய் திறக்கும்போதுதான் தெரியும். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து பதினெட்டு வரை அவள் அந்தப் பதிவேட்டைத் தேடுகிறாள். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் அலைகிறாள். பழைய கணக்குப்பிள்ளையின் மகன் வீடு, தோட்டத்துப் பங்களாவின் பரண், பழைய காகிதக் கடை என்று போகிறாள்.

ஓரக்குறிப்பு

உங்கள் முன்கதையின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொருளைத் தேடும் கதையை இரண்டு விதமாகப் படிக்க வைக்கலாம். பொருள் எங்கே இருக்கிறது என்று வாசகருக்கும் தெரியாமல் இருந்தால், அவர் கோகிலாவின் தோளுக்குப் பின்னால் நின்று அவளோடு சேர்ந்து தேடுவார். பொருள் இல்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் தேட மாட்டார். இந்தப் பெண் இல்லாததைத் தேடி எதையெல்லாம் இழக்கப்போகிறாளோ என்று பதைப்பார். இரண்டும் நல்ல வழிகள்தாம். ஆனால் இரண்டுக்கும் எழுத வேண்டிய காட்சிகள் வேறு வேறு. முதல் வழியில் ஒவ்வொரு காட்சியும் ஒரு தடயத்தைத் தர வேண்டும். இரண்டாவது வழியில் ஒவ்வொரு காட்சியும் அவளிடமிருந்து எதையாவது பறிக்க வேண்டும்.

உங்கள் முன்கதை வாசகரை இரண்டாவது வழியில் ஏற்றிவிட்டது. மூன்று முதல் பதினெட்டு வரையான அத்தியாயங்கள் எந்த வழியில் எழுதப்பட்டிருக்கின்றன? பரணில் அவள் எதைக் கண்டெடுக்கிறாள், எதை இழக்கிறாள்? ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். சீட்டுகளில் “கிடைத்தது” நிறைய இருந்து “இழந்தது” இல்லாவிட்டால் முன்கதையும் நாவலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன என்று பொருள். பதிப்பகத்தார் “படுத்துவிட்டது” என்றது இதனாலேயே இருக்கலாம்.

தொடர்கதை ரசிகர் சொன்னதில் பாதி சரி. தொடரில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஏழு நாள் இடைவெளி. அந்த ஏழு நாளைத் தாங்குவதற்கு முதல் வாரத்தில் தீ வேண்டும். நாவல் வாசகர் அப்படியே அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். முன்கதையின் தீ அணைந்த கையோடு அறுபத்தோரு ஆண்டு தாண்டி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பட்டறையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு நாவலுக்கு இரண்டு தொடக்கம் என்றால் வாசகரின் பொறுமையை இரண்டு முறை கடன் கேட்கிறீர்கள். முதல் கடனை அடைத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டு இரண்டாவதைக் கேளுங்கள்.

நாகலூர்த் தோட்டம்

நான் எழுத்தாளன் இல்லை. நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சேர்வராயன் கோவில் திருவிழா மே மாதம். மே மாதத்தில் பல்பர் எப்படி ஓடும்? மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூ பூத்து, மே மாதத்தில் காய் மிளகளவுகூட இருக்காது. பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி தை மாதம் வரை. பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோலுரித்து, கொட்டையைத் தொட்டியில் ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவிக் களத்தில் காயப்போட வேண்டும். மே மாதத்தில் அந்தக் கொட்டகை பூட்டிக் கிடக்கும், உள்ளே எலிதான் ஓடும். மலைக்காரன் எவனும் உங்கள் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவான்.

மற்றபடி செக்ரோல் என்ற சொல்லைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பா வாயில் கேட்டது.

பனங்காட்டான்

ஐயா, மிக்க நன்றி. எழுந்து போய்க் கைப்பிரதியைப் புரட்டினேன். 19ஆம் அத்தியாயத்தில் அம்மாயி அந்த இரவைச் சொல்லும்போது “தை மாசத்துக் குளிரு” என்கிறாள். அங்கே சரியாக எழுதியிருக்கிறேன், முன்கதையில் தவறாக. ஆறு ஆண்டில் ஒருமுறைகூட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. முன்கதைதான் நான் முதலில் எழுதியது. திருவிழா இரவு, வெறிச்சோடிய தோட்டம் என்றால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

துண்டுச் சீட்டும் எழுதிப் பார்த்தேன். பதினாறு அத்தியாயங்களில் பதின்மூன்று “கிடைத்தது”. எட்டாம் அத்தியாயத்தில் பட்டறையை அடகு வைக்கிறாள், பதினாலில் வந்த சம்பந்தம் முறிகிறது, பதினேழில் அம்மாயி பேச்சை நிறுத்துகிறாள். இழந்தது அந்த மூன்றில்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்கதையில் எரிக்கும் ஆள் வேறு யாரும் இல்லை, அந்தச் சிறுமியின் அப்பாவேதான். கணக்குப்பிள்ளை சொல்லி, கடனுக்குக் கட்டுப்பட்டுத் தன் பெயரும் இருக்கும் புத்தகத்தைத் தன் கையாலேயே எரிக்கிறார். அம்மாயி அறுபது ஆண்டு வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். அது 22ஆம் அத்தியாயத்தில் வெளிவருகிறது. முன்கதையில் “அந்த ஆள்” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஓரக்குறிப்பு

இதைக் கேட்டதும் உங்கள் நாவல் மேல் எனக்கு மரியாதை கூடியது. முன்கதை மேல் இருந்த ஐயமும் கூடியது.

முன்கதை யார் கண்ணால் நடக்கிறது? சிறுமியின் கண்ணால். இடுக்கில் தெரியும் முதுகு அப்பாவின் முதுகு என்று ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா? அவர் குனியும் விதம், இருமும் விதம், தலைத்துண்டு எல்லாம் தெரியும். அவள் கண்ணுக்குள் வாசகரை உட்கார வைத்துவிட்டு, அவளுக்குத் தெரிந்ததை மட்டும் “அந்த ஆள்” என்று மூடி வைப்பது நேர்மையான மறைப்பு இல்லை. 22ஆம் அத்தியாயத்துக்கு வரும் வாசகர் திகைப்பதற்குப் பதிலாக முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய், “இவளுக்கு அப்போதே தெரியுமே” என்பார். நாவலின் மிகக் கனமான இடத்தில் உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். பாத்திரத்துக்குத் தெரியாததை வாசகரிடமிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் மறைக்கலாம். பாத்திரம் பார்த்துக்கொண்டே இருப்பதை மறைக்கக் கூடாது.

ஆகவே இந்த எட்டுப் பக்கம் ஒளித்துவைக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறது, சொல்ல வேண்டியதை ஒளித்துவைக்கிறது. நன்றாக எழுதப்பட்டிருப்பதால் இது யார் கண்ணிலும் படவில்லை.

மாதக் குழப்பமும் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். முதலில் எழுதிய முன்கதைகளில் இப்படிப்பட்ட பிசகு அடிக்கடி கண்ணில் படும். அதை எழுதியபோது எழுத்தாளருக்கே கதை தெரியாது. பிறகு கதை வளர்ந்து போகும், முன்கதை பழைய இடத்திலேயே நிற்கும். கொலுசு வேலை உங்களுக்குத் தெரியும், நீங்களே சொல்லுங்கள்: பொடி உருகி ஓடப் பூசிய வெங்காரத்தைக் கொலுசிலேயே விட்டுவிடுவீர்களா?

பனங்காட்டான்

விடமாட்டோம் அம்மா. ஊதி முடித்ததும் அமிலத்தில் போட்டு எடுத்துத் தேய்த்துவிடுவோம். வெங்காரம் இல்லாமல் பற்று ஏறாது. ஆனால் அது ஒட்டிக்கொண்டிருந்தால் மெருகு வராது.

காவிரிக்கரை

நான் மேட்டூர். என் நாவலுக்கும் முன்கதை உண்டு, நான் அதை எடுக்கவே மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் முன்கதை 1934. அணை கட்டி முடிந்து, நீர் ஏறி ஊர்கள் மூழ்குகின்றன. 600 சொற்கள்தான். அதில் தனி மனிதர் யாரும் கிடையாது. “நாங்கள்” என்று ஊரே பேசுகிறது. கதவை எடுத்துக்கொண்டோம், நிலையை விட்டுவிட்டோம், மாட்டை ஓட்டிக்கொண்டோம், நடுகல்லை விட்டுவிட்டோம் என்று போகும். நாவல் நடப்பது இந்தக் காலத்தில். அதில் வரும் யாரும் அந்த நாளைப் பார்த்தவர்கள் இல்லை. யார் வாயாலும் அதைச் சொல்ல வைக்க முடியாது. முன்கதையில் இல்லாவிட்டால் வேறு எங்கேயும் இருக்க வழியில்லை. பனங்காட்டாருக்கு அம்மாயி உயிரோடு இருக்கிறாள், அவள் சொல்வாள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஓரக்குறிப்பு

இது நல்ல காரணம். குரல் வேறு, காலம் வேறு, சாட்சி இல்லை, அளவும் சிறியது. நாவலுக்குள் இருக்கும் எந்தக் கேள்விக்கும் அது முன்கூட்டி விடை சொல்லவும் இல்லை. ஒன்று கேட்கிறேன், உங்கள் முதல் அத்தியாயம் எங்கே தொடங்குகிறது?

காவிரிக்கரை

கோடையில் நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி தலை வெளியே தெரிகிற காட்சி. கதாநாயகன் பரிசலில் போய் அதைத் தொடுகிறான்.

ஓரக்குறிப்பு

நீருக்கு மேலே நந்தியின் தலை மட்டும் தெரிகிறது என்றாலே கீழே ஓர் ஊர் இருக்கிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறதே? 600 சொற்கள் செய்யும் வேலையை அந்தக் கல் ஒரு வரியில் செய்கிறது. முன்கதை அந்தக் கல்லின் வியப்பைக் கொஞ்சம் தின்றுவிடுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

காவிரிக்கரை

ஒப்புக்கொள்ள மாட்டேன் அம்மா. கல் ஊர் இருந்ததைச் சொல்லும். நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் சுமந்துகொண்டு போன கதையை அது சொல்லாது. என் பாட்டனார் வீட்டில் நிலைக்குப் பொருந்தாத ஒரு கதவு இன்றும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அந்த “நாங்கள்” குரலைக் கேட்டுவிட்டு நந்தியைப் பார்ப்பதும், கேட்காமல் பார்ப்பதும் ஒன்றாகாது.

ஓரக்குறிப்பு

உங்கள் நாவலை நான் படிக்கவில்லை. படிக்காமல் இதற்கு மேல் வாதாடுவது முறையில்லை. இதை இங்கேயே நிறுத்துகிறேன்.

பனங்காட்டாருக்கு: நாங்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஆறு பேரைப் பிடியுங்கள். உறவுக்காரர் வேண்டாம், உங்கள் முகத்துக்காகப் படிப்பவர் வேண்டாம். மூன்று பேருக்கு முன்கதையோடு முதல் ஆறு அத்தியாயம், மூன்று பேருக்கு முன்கதை இல்லாமல் அதே ஆறு. இன்னொரு வடிவம் இருப்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் அத்தியாயம் முடிந்ததும் மனத்தில் இருக்கும் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எங்கே கீழே வைத்தார்களோ அந்த வரியில் பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். இவ்வளவு போதும். மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே வரியில் தடுக்கி விழுந்தால் அந்த வரியில் கல் இருக்கிறது.

பனங்காட்டான் (நான்கு வாரம் கழித்து)

ஆறு பேரும் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியே எழுதுகிறேன்.

முன்கதையோடு படித்த மூவரில் இருவர் முதல் அத்தியாயத்தின் முடிவில் எழுதிய கேள்வி: “எரித்தவன் யார்?” அம்மாயி பஸ்ஸை விட்டு இறங்கியதை இருவருமே குறிப்பிடவில்லை. அவர்களில் ஒருவர் ஐந்தாம் அத்தியாயத்து ஓரத்தில், “புத்தகம்தான் எரிந்துவிட்டதே, இந்தப் பெண் ஏன் இன்னும் அலைகிறாள்?” என்று எழுதிவிட்டு அங்கேயே கோடு போட்டிருக்கிறார். மூன்றாமவர் முன்கதையைத் தனிச் சிறுகதை என்று நினைத்துக்கொண்டு கடைசி வரை எதோடும் சேர்க்கவில்லை.

முன்கதை இல்லாமல் படித்தவர்களில் இருவர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: “பாட்டி ஏன் அடிவாரத்தில் இறங்கினாள்?” இரண்டு பேரும் ஆறாம் அத்தியாயம் வரை நிறுத்தவில்லை. தாள்களை வாங்கும்போது ஒருவர், “ஏழாவது எப்போது தருவீர்கள்?” என்று கேட்டார். ஆறு ஆண்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மூன்றாமவர் நான்காம் பக்கத்தில் கோடு போட்டுவிட்டார். “கொலுசு செய்யக் கற்றுக்கொடுக்கும் பாடம் போல் இருக்கிறது.” அது எனக்கு வலித்தது. அந்த மூன்று பக்கத்தில் என் அப்பாவின் கை இருக்கிறது.

தொடர்கதை ரசிகர்

நான் சொன்னேன் அல்லவா? கொலுசில் தொடங்கினால் நிற்க மாட்டார்கள்.

ஓரக்குறிப்பு

சொன்னீர்கள், அதில் நீங்கள் சரி. முதல் அத்தியாயம் மெதுவாகத் தொடங்குகிறது. அதை உள்ளூர உணர்ந்துதான் அதன் முன்னால் ஒரு தீயை வைத்திருக்கிறார் தம்பி. ஆனால் முன்னால் தீ வைத்ததால் பின்னால் இருக்கும் மூன்று பக்கம் வேகமாகிவிடவில்லை. அடுத்து வந்ததால் இன்னும் மெதுவாகிவிட்டது.

தீ ஏற்கெனவே உங்கள் முதல் அத்தியாயத்துக்குள் இருக்கிறது. எழுபது வயதுக் கிழவி ஒருத்தி இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய பஸ்ஸிலிருந்து ஒரு வளைவுகூட ஏறாமல் இறங்கிவிடுகிறாள். நாவலை அங்கே தொடங்குங்கள். கொலுசுப் பட்டறை அதற்குப் பிறகு வரட்டும். கோகிலா கோபத்தோடு திரும்பி வந்து ஊதுகுழலை எடுக்கட்டும். அப்பாவின் கை அப்படியே இருக்கும், அதைப் படிக்க வாசகருக்கு ஒரு காரணமும் கிடைத்திருக்கும்.

ஆத்தூர் ஆசிரியர்

பாயிரம் பற்றி அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றில் என் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். முடிவை முன்கூட்டிச் சொல்வதால் சுவை கெடும் என்ற எண்ணம் இந்த இழை முழுவதும் ஓடுகிறது. சிலப்பதிகாரப் பதிகம் கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறது. அதனால் கண்ணகி வழக்குரைக்கும் இடத்தில் யாருக்காவது நெஞ்சு பதறாமல் இருந்திருக்கிறதா? எங்கள் பக்கத்துக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனம் அபிமன்யு சாவான் என்று தெரியாமலா உட்கார்ந்திருக்கிறது?

ஓரக்குறிப்பு

ஐயா, இது வலுவான வாதம். முழுமையாக மறுக்க என்னால் முடியாது. என் விடை இதுதான்: முடிவு தெரிந்த பிறகும் பதறும்படி சிலம்பு நடுவில் எழுதப்பட்டிருக்கிறது. கோவலன் சிலம்போடு மதுரைக் கடைவீதிக்குப் போகும் ஒவ்வோர் அடியும் நமக்கு வலிக்கிறது. தம்பியின் பதினாறு அத்தியாயங்களில் மூன்றுதான் அப்படி வலிக்கின்றன. மீதிப் பதின்மூன்றையும் இழப்பாகத் திருப்பி எழுத அவர் முன்வந்தால், எரிந்த பதிவேட்டை முதல் வரியிலேயே சொல்லலாம், அப்பா எரித்தார் என்றே சொல்லலாம். அது வேறு நாவல், ஒருவேளை இதைவிடப் பெரிய நாவல். இன்னும் இரண்டு ஆண்டு ஆகும். அந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும்.

நாகலூர்த் தோட்டம்

முன்கதையை எடுத்துவிட்டால் மலை எப்போது வரும்?

பனங்காட்டான்

ஐயா, அதுதான் எனக்கும் உறுத்துகிறது. எடுத்துவிட்டால் கோகிலா மலை ஏறுவது மூன்றாம் அத்தியாயத்தில். முதல் நாற்பது பக்கம் சேலத்து வெயில்தான். என் முன்கதையில் இருந்த பனி, ஈரப் பலகை, பழத்தோல் குவியல் எல்லாம் போய்விடுகின்றன. அம்மாயி ஏன் மலைக்குப் பயப்படுகிறாள் என்று கேட்கும் வாசகர் அந்த மலையை நாற்பது பக்கம் மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இதுவரை நான் செய்தது: பஸ் காட்சியை முதலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பட்டறை மூன்று பக்கத்திலிருந்து ஒன்றரையாகக் குறைந்தது. எட்டுப் பக்க முன்கதையைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டேன். அதிலிருந்து சில வரிகளைப் பிரித்து 140 சொற்களில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். அதில் கொட்டகை இல்லை, இடுக்கு இல்லை, “அந்த ஆள்” இல்லை. தை மாத இரவில் சிறுமி கம்பளிக்குள் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அப்பா வந்து பக்கத்தில் படுக்கிறார். அவர் சட்டையில் காகிதம் எரிந்த வாடை. அவள் தூங்குவது போல் கிடக்கிறாள். அவ்வளவுதான். பார்க்காததால் அவள் எதையும் மறைக்கவில்லை. பதிவேடு என்ற சொல்லும் இல்லை.

இதைத் தலைப்பு இல்லாமல் முதல் பக்கத்தில் தனியாகப் போடுவதா, 19ஆம் அத்தியாயத்தில் அம்மாயி பேசத் தொடங்கும் இடத்தில் வைப்பதா என்று தெரியவில்லை. முன்னால் வைத்தால் மலை வந்துவிடுகிறது. பின்னால் வைத்தால், கொட்டகையில் பார்த்ததைவிட அது கனமாக இறங்குகிறது. அப்படியானால் 22ஆம் அத்தியாயத்தையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அவள் இப்போது எதையும் கண்ணால் பார்க்கவில்லை. அறுபது ஆண்டு வெறும் வாடையை வைத்து ஊகித்தே வாய் மூடியிருந்தாள் என்றாகிறது. அது சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது, பயமாகவும் இருக்கிறது.

ஓரக்குறிப்பு

அந்தப் பயத்தைப் பின்தொடர்ந்து போங்கள். இரண்டு இடத்திலும் வைத்து இன்னும் ஆறு பேரிடம் கொடுங்கள். நான் ஏழாவது ஆளாகப் படிக்கிறேன். எது சரி என்று இப்போது எனக்கும் தெரியவில்லை.

நாகலூர்த் தோட்டம்

தம்பி, பல்பர் கொட்டகையில் வேலை பார்த்துவிட்டு வரும் ஆள் மேல் ஊறல் தொட்டியின் புளித்த நாற்றம்தான் அடிக்கும். அதைத் தாண்டிக் காகிதம் எரிந்த வாடை ஒரு குழந்தைக்குத் தெரியுமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. தை முதல் வாரத்தில் எங்கள் தோட்டத்தில் பல்பர் ஓடும். பழைய சட்டை ஒன்றையும் பழைய கணக்கு நோட்டு ஒன்றையும் கொண்டு வாருங்கள். எரித்துப் பார்த்துவிடலாம்.